பேராக் ஆறு எத்தனை கிலோமீட்டர்?

பேராக் ஆற்றின் நீளம் சில நூல்களில் 400 கிலோமீட்டர் என்றும் வேறு சிலவற்றில் 427 கிலோமீட்டர் என்றும் அச்சாகியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிக நீண்ட ஆறு என்று சொல்லப்படும் பகாங் ஆற்றுக்கும் 435-இலிருந்து 460 வரை பல எண்கள் உண்டு. இப்படி முரண்படும் எண்களைப் பார்த்தவுடன், யாரோ ஒருவர் தவறாக அளந்திருக்க வேண்டும், சரியான எண் எங்கோ ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கும் என்று நினைப்பதுதான் இயல்பு. எல்லாரும் கவனமாக அளந்திருந்தாலும் எண்கள் வேறுபட்டே தீரும் என்பதுதான் உண்மை. வரைபடம் நுணுக்கமாக ஆக ஆக, வளைந்த கோட்டின் அளந்த நீளம் கூடுகிறது. இதைப் பலரும் ஒரு கணக்கு விந்தையாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஆற்றுக்கு இந்த வளர்ச்சி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, கடற்கரைக்கு நிற்பதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வெள்ளக் கணக்கும் கரையரிப்புக் கணக்கும் பிசகுகின்றன. அதனால் விந்தை என்று விட்டுவிட முடியாது.

முதலில் அளக்கும் முறையைப் பார்ப்போம். இரு முனையும் ஊசியாக உள்ள கவராயத்தை ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குத் திறந்து, வரைபடத்தில் ஆற்றின் மேல் எட்டு எட்டாக வைத்துக்கொண்டே போவது பழைய முறை. எட்டுகளை எண்ணி, ஓர் எட்டின் நீளத்தால் பெருக்கினால் ஆற்றின் நீளம். ஒவ்வோர் எட்டும் நேர்கோடு என்பதால், இரு ஊசிகளுக்கு இடையில் ஆறு எப்படி வளைந்தாலும் அந்த வளைவு கணக்கில் வராது. கணினியில் அளந்தாலும் கதை இதேதான்: அங்கே ஆறு என்பது புள்ளிகளை இணைத்த நேர்த்துண்டுகளின் வரிசை, புள்ளிகளுக்கு இடையிலான தூரமே எட்டு. வரைபடத்தின் அளவுத்திட்டமும் இதே வேலையைச் செய்கிறது. மலேசியாவின் 1:50,000 நிலவரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். பத்து லட்சத்தில் ஒன்றாகச் சுருக்கிய படத்தில் அதே மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அந்தப் படத்தில் அரைக் கிலோமீட்டர் வளைவை வரைய இடமே கிடையாது. வரைபவர் அதை நேராக்கிவிடுவார். நேராக்காவிட்டால் படம் கிறுக்கலாகிவிடும். ஆகவே சிறிய படத்தில் நீளம் குறைவது வரைபவரின் அலட்சியத்தால் நேர்வதில்லை. படம் படமாக இருக்க வேண்டுமென்றால் வளைவுகளை இழந்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு வளைவை எடுத்து அளந்து பார்க்கலாம். தெலுக் இந்தான் ஊர் பேராக் ஆற்றின் ஒரு பெரிய வளைவில் அமைந்தது. அதன் அசல் வடிவத்தை விட்டுவிட்டு, கணக்குக்கு எளிதாக, இரண்டு கிலோமீட்டர் விட்டம் உள்ள ஓர் அரைவட்டமாக ஆறு வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். கவராயத்தை இரண்டு கிலோமீட்டருக்குத் திறந்து வைத்தால் ஒரே எட்டில் வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடலாம். நீளம் 2 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குத் திறந்தால் மூன்று எட்டு. நீளம் 3 கிலோமீட்டர். ஒரே பாய்ச்சலில் ஐம்பது விழுக்காடு கூடிவிட்டது. அரைக் கிலோமீட்டராகக் குறைத்தால் ஆறு எட்டும் சற்று மிச்சமும் வரும். நீளம் ஏறத்தாழ 3.1 கிலோமீட்டர். இனி கவராயத்தை எவ்வளவு குறுக்கினாலும் 3.14-ஐத் தாண்டாது. பெரிய எட்டிலிருந்து நடுத்தர எட்டுக்கு வரும்போது நீளம் தாவுகிறது, அதன்பின் நகர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. வளைவைவிடச் சின்ன எட்டு கிடைத்தவுடன் அந்த வளைவு தன் நீளம் முழுவதையும் கொடுத்துவிடுகிறது, மேற்கொண்டு கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை.

கடற்கரை இப்படி நடந்துகொள்வதில்லை. இதை எண்களோடு முதலில் கண்டு எழுதியவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வானிலை அறிஞர். நாடுகளுக்கு இடையிலான எல்லையின் நீளத்துக்கும் அவை போரிடுவதற்கும் தொடர்பு உண்டா என்று தேடியவர் அவர். ஸ்பெயினும் போர்ச்சுகலும் தங்கள் பொது எல்லைக்கு 987 கிலோமீட்டர் என்றும் 1,214 கிலோமீட்டர் என்றும் இரண்டு எண்களைக் கொடுத்திருப்பதைப் பார்த்து, பல எல்லைகளையும் கரைகளையும் வெவ்வேறு எட்டுகளால் அளந்தார். 1953-இல் அவர் இறந்தபின் 1961-இல் அந்தக் கட்டுரை அச்சானது. 1967-இல் பெனுவா மாண்டல்புரோ அதை எடுத்து விரித்த பிறகே உலகம் கவனித்தது. பிரிட்டனின் மேற்குக் கரையில் எட்டைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் நீளம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடியது. அடுத்த முறையும் அதே 19 விழுக்காடு, அதற்கடுத்த முறையும் அப்படியே. நூறு கிலோமீட்டர் எட்டில் தொடங்கிப் பத்து முறை பாதியாக்கினால் எட்டு நூறு மீட்டர் அளவுக்கு வந்துவிடும். அதே வீதம் அதுவரை நீடித்தால் நீளம் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். விரிகுடாவுக்குள் சிறு குடா, குடாவுக்குள் பாறை இடுக்கு என்று வளைவுக்குள் வளைவு இருந்துகொண்டே போவதுதான் காரணம். தென்னாப்பிரிக்காவின் வழுவழுப்பான கரையிலோ ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் ஒன்றரை விழுக்காடுகூட ஏறவில்லை. ஏறும் வேகம் கரைக்குக் கரை மாறுகிறது. அந்த வேகமே கரையின் குணத்தைச் சொல்கிறது.

ஆற்றில் மட்டும் இந்த ஏற்றம் நிற்பது ஏன்? ஆறு தன் வளைவுகளின் அளவைத் தானே வரையறுத்துக்கொள்கிறது. சமவெளியில் ஓடும் ஆறுகளில் ஒரு முழு வளைவின் நீளம், அதாவது இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சேர்ந்த ஒரு சோடி, ஆற்றின் அகலத்தைப்போல் ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு மடங்கு இருக்கும் என்பதை 1950-களின் கடைசியில் லூனா லியோபோல்டும் அவருடைய சகாக்களும் பல நாட்டு ஆறுகளை ஒப்பிட்டுக் காட்டினார்கள். வளைவின் வெளிக்கரையை நீர் அரிப்பதும் உட்கரையில் மணலைப் படியவைப்பதும் ஆற்றின் அகலத்துக்கேற்ற வீச்சில்தான் நடக்கின்றன. முன்னூறு மீட்டர் அகல ஆறு ஐம்பது மீட்டர் வளைவுகளைப் போட முடியாது. அதன் நீரோட்டம் அவ்வளவு சடுதியில் திரும்பாது. ஆகவே ஆற்றின் நடுக்கோட்டை அதன் அகலத்துக்குச் சமமான எட்டால் அளந்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பலருக்கு எதிர்பாராததாக இருக்கலாம். ஒரே வரைபடத்தில் அளந்துவிட்டால் ஆறுகளை நியாயமாக ஒப்பிட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். அது போதாது. ஈப்போ நகருக்குள் ஓடும் கிந்தா ஆறு பேராக் ஆற்றின் கிளை. அதன் அகலம் 30 மீட்டர் என்றும் கீழ்ப்பேராக்கின் அகலம் 300 மீட்டர் என்றும் கணக்குக்கு வைத்துக்கொண்டால், கிந்தாவின் வளைவுகள் முன்னூறு, நானூறு மீட்டர் அளவிலும் பேராக்கின் வளைவுகள் மூன்று, நான்கு கிலோமீட்டர் அளவிலும் இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்றான படத்தில் பேராக்கின் வளைவு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாது, தெளிவாகத் தெரியும். கிந்தாவின் வளைவோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அந்த ஆற்றைக் குறிக்கும் நீலக்கோட்டின் தடிப்புக்குள்ளேயே மறைந்துவிடும். அதே படத்தில் பெரிய ஆறு தன் நீளத்தை ஏறத்தாழ முழுதாகக் காட்டும்போது சிறிய ஆறு நேராக்கப்பட்டுக் குட்டையாகத் தெரிகிறது. 1:50,000 படத்தில் கிந்தாவின் வளைவுகள் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டருக்கு விரிந்து மீண்டும் வந்துவிடும். ஆற்றுக்கு ஆறு, அகலத்துக்கேற்ற எட்டு வேண்டும். ஒரு மாநிலத்தின் எல்லா ஆறுகளுக்கும் ஒரே எட்டைப் போட்டுத் தயாரித்த பட்டியல், சிறிய ஆறுகளை ஒழுங்காகக் குறைத்துக் காட்டும் பட்டியல்தான்.

ஆற்றின் நீளம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. போலந்துக் கணிதர் ஹ்யூகோ ஸ்டைன்ஹவுஸ் 1954-இலேயே, ரிச்சர்ட்சனின் கட்டுரை அச்சாகும் முன்பே, ஓர் ஆற்றைத்தான் உதாரணமாகக் காட்டினார். விஸ்துலா ஆற்றின் இடக்கரையை மேலும் மேலும் துல்லியமாக அளந்துகொண்டே போனால், பள்ளி வரைபடத்தில் படிக்கும் நீளத்தைப்போல் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று நீளம் போய்க்கொண்டே இருக்கும் என்றார். அப்படியானால் ஆற்றின் நீளம் நிற்கிறது என்பது எப்படிப் பொருந்தும்? அவர் பேசியது ஆற்றின் கரையைப் பற்றி. கரை என்பது மண்ணும் நீரும் சந்திக்கும் விளிம்பு. ஒவ்வொரு வேர்ப்புடைப்பையும் சரிந்த மண்கட்டியையும் சுற்றிக்கொண்டு போகும் கோடு. அது கடற்கரையின் இனம். ஆற்றின் நடுக்கோடு அந்த விளிம்பை ஒட்டிப் போவதில்லை. இரு கரைகளின் சில்லறைக் குழப்பங்களும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்ட பிறகு மிஞ்சும் பாதை அது. ஆகவே ஸ்டைன்ஹவுஸ் சொன்னதும் சரி, இங்கே சொன்னதும் சரி. ஆனால் ஒன்று: ஆற்றை எல்லையாகக் கொண்ட நிலங்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்னாம் ஆற்றின் நடுக்கோட்டு நீளம் ஓர் எண். அதன் கரையோரம் வேலி போட்டால் ஆகும் நீளம் வேறொரு எண்.

நடுக்கோடு நிலையானது என்பதால் பேராக் ஆற்றுக்கு ஒரே நீளம்தான் என்று முடித்துவிடவும் முடியாது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மேல் பேராக்கில் 1970-களில் எழுந்த தெமெங்கோர் அணைக்குப் பின்னால் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு ஏரிக்கடியில் கிடக்கிறது. அங்கே மூழ்கிய பழைய தடத்தின் வளைவுகளை அளப்பதா, ஏரியின் நடுவே ஒரு கோடு இழுப்பதா? கீழே பாகான் டத்தோ பக்கம் ஆறு அகன்று கடலோடு கலக்கும் இடத்தில் எந்தக் குறுக்குக்கோட்டை முடிவு என்று கொள்வது? ஒவ்வொரு விடைக்கும் சில கிலோமீட்டர் கூடும், குறையும். 400-க்கும் 427-க்கும் இடையிலான இடைவெளி ஏழு விழுக்காடுகூட இல்லை. அளவுத்திட்டம், தொடக்கம், முடிவு என்ற மூன்றில் ஏதாவது ஒன்று மாறினாலே இந்த அளவு வேறுபாடு எளிதில் வந்துவிடும். பகாங் ஆற்றுக்கும் பேராக் ஆற்றுக்கும் இடையே யார் முதல், யார் இரண்டாவது என்ற வரிசையைச் சொல்லும்போதும், இரு எண்களும் ஒரே விதிப்படி அளந்தவைதானா என்று பார்த்துவிட்டே சொல்ல வேண்டும்.

ஏழு விழுக்காடு, பத்து விழுக்காடு என்பதெல்லாம் வெறும் பாடநூல் சண்டை என்று ஒதுக்குபவர்கள் வெள்ளக் கணக்கைப் பார்க்க வேண்டும். மேட்டில் பெய்த மழையின் வெள்ளம் கீழே உள்ள ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் வரும் என்பது ஆற்றின் நீளத்தையும் சரிவையும் பொறுத்தது. சரிவு என்பது உயர வேறுபாட்டை நீளத்தால் வகுத்தால் வருவது. சிறிய படத்தில் அளந்து ஆற்றின் நீளத்தைப் பத்து விழுக்காடு குறைத்துவிட்டோம் என்று கொள்வோம். உயர வேறுபாடு மாறாததால் சரிவு பதினோரு விழுக்காடு கூடிவிடும். பொறியாளர்கள் பயன்படுத்தும் மேனிங் சூத்திரத்தில் நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்பதால், வேகம் ஐந்து விழுக்காடு கூடியதாகக் கணக்கு காட்டும். போக வேண்டிய தூரம் பத்து விழுக்காடு குறைவு, போகும் வேகம் ஐந்து விழுக்காடு அதிகம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து, இருபது மணி நேரத்தில் வர வேண்டிய வெள்ளம் பதினேழு மணி நேரத்தில் வந்துவிடும் என்று முன்னறிவிப்பு சொல்லும். நடைமுறையில் பொறியாளர்கள் பழைய வெள்ளங்களின் பதிவுகளைக் கொண்டு ஆற்றுப்படுகையின் உராய்வு எண்ணை மாற்றி இந்தப் பிழையைச் சரிக்கட்டிவிடுவார்கள். ஆனால் அப்படிச் சரிக்கட்டிய உராய்வு எண், நீளத்தில் நேர்ந்த பிழையைத் தன்னுள் ஒளித்து வைத்திருக்கும். நாளை யாராவது நல்ல படத்திலிருந்து புதிய நீளத்தை எடுத்துப் பழைய உராய்வு எண்ணோடு சேர்த்தால் கணக்கு மீண்டும் பிசகும்.

இனிக் கடற்கரைக்கு வருவோம். பிசகு பெரிதாக இருப்பது இங்கேதான். பேராக் மாநிலக் கரையின் வடபகுதியில் மாத்தாங் சதுப்புநிலக் காப்புக்காடு பிறை வடிவில் ஏறத்தாழ 51 கிலோமீட்டருக்கு நீள்கிறது; பரப்பு 40,000 ஹெக்டேருக்குச் சற்று மேல். அந்த 51 கிலோமீட்டர் என்பது கடலிலிருந்து பார்த்தால் தெரியும் வெளிவிளிம்பு. உள்ளே கோல செபெத்தாங், கோல கூலா வரையிலும் அதைச் சுற்றியும் கழிமுகங்களும் ஓடைகளும் காட்டைத் தீவு தீவாக அறுத்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றில் உப்புநீர் ஏறி இறங்குகிறது. அலையேற்றம் எட்டும் இடமெல்லாம் கரை என்றால் ஒவ்வோர் ஓடையின் இரு பக்கமும் கணக்கில் சேரும். வாய்களைக் குறுக்கே கோடிட்டு அடைத்துவிட்டால் பிறையின் விளிம்பு மட்டுமே மிஞ்சும். இரண்டுமே பொருளுள்ள விதிகள்தான். எந்த அகல வாய் வரை அடைப்பது என்ற முடிவே இங்கே கவராயத்தின் எட்டாக மாறிவிடுகிறது.

இந்த முடிவு எண்களை எப்படிப் புரட்டும் என்பதற்கு அண்மைக்கால இந்தியக் கணக்கு நல்ல சான்று. 1970-களிலிருந்து இந்தியாவின் கடற்கரை 7,516.6 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டு வந்தது. அது 45 லட்சத்தில் ஒன்றான படத்திலிருந்து எடுத்தது. இரண்டரை லட்சத்தில் ஒன்றான, அதாவது பதினெட்டு மடங்கு நுணுக்கமான, மின்னணுக் கடல்வரைபடங்களைக் கொண்டு மறுபடி அளந்தபோது 11,098.81 கிலோமீட்டர் என்று வந்தது. உள்துறை அமைச்சின் 2023–24 ஆண்டறிக்கை இதை வெளியிட்டது. நாட்டின் மொத்தத்தைவிட மாநிலங்களின் எண்களே அதிகம் பேசுகின்றன. நீண்ட மணற்கரை கொண்ட தமிழ்நாடு 906.9-இலிருந்து 1,068.69-க்கு, பதினெட்டு விழுக்காடு ஏறியது. கேரளம் ஐந்து விழுக்காடுதான். கட்ச் வளைகுடாவும் கழிமுகங்களும் உள்ள குஜராத் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. சுந்தரவனச் சதுப்புக்காடு உள்ள மேற்கு வங்கமோ 157-இலிருந்து 721-க்கு, நாலரை மடங்குக்கு மேல் போய்விட்டது. படம் எல்லாருக்கும் ஒரே அளவில்தான் நுணுக்கமானது. ஏற்றம் ஒவ்வொரு கரையின் குணப்படி நடந்தது. புதுச்சேரியின் எண் கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. நுணுக்கம் மட்டும் மாறியிருந்தால் எங்கும் குறைவு வராது. விதியும் சேர்ந்து மாறியிருக்கிறது என்பதற்கு அந்த ஓர் எண்ணே அடையாளம். சுந்தரவனத்தின் குணம் மாத்தாங்கிற்கும் உண்டு. பேராக்கின் கரையை அடுத்தடுத்த நுணுக்கங்களில் அளந்தால், தெற்கு வடக்கை எட்டிப்பிடிக்க முடியாமல் மாத்தாங் பகுதி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மலேசியக் கணக்கில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. 1980-களின் நடுவில் நடந்த முதல் தேசியக் கரையரிப்பு ஆய்வு, நாட்டின் 4,809 கிலோமீட்டர் கரையில் 29 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகிறது என்றது. 2015-ஆம் ஆண்டின் புதிய ஆய்வு, 8,840 கிலோமீட்டரில் 15 விழுக்காடு அரிக்கப்படுகிறது என்கிறது. விழுக்காடுகளை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் முப்பது ஆண்டுகளில் அரிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். பெருக்கிப் பார்த்தால் முந்தைய ஆய்வில் 1,400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; பிந்தையதில் ஏறத்தாழ 1,330. அரிக்கப்படும் கரையின் நீளம் கிட்டத்தட்ட அதேதான். மாறியது வகுக்கும் எண். முப்பது ஆண்டில் நாட்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் புதிய கரை முளைத்துவிடவில்லை. எதைக் கரை என்று எண்ணுவது, எவ்வளவு நுணுக்கமாக எண்ணுவது என்பதே மாறியிருக்கிறது. சிறு தீவுகளும் ஓடைக்கரைகளும் கணக்கில் ஏறினால் வகுக்கும் எண் வீங்கும். அலை மோதும் திறந்த கரையில் நடக்கும் அரிப்பு அதே விகிதத்தில் வீங்காது. அதனால் விழுக்காடு தானாகவே இறங்கும். 1,400-ஐயும் 1,330-ஐயும் ஒப்பிடுவதுகூட முழு நியாயம் இல்லை, ஏனெனில் அரிக்கப்படும் பகுதியையும் இரண்டு ஆய்வுகளும் ஒரே எட்டால் அளந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் முடிவு இதுதான்: இவ்விரு விழுக்காடுகளிலிருந்து கரையரிப்பு கூடியதென்றோ குறைந்ததென்றோ எதையும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் பழைய கரையையும் புதிய கரையையும் ஒரே படத்தில், ஒரே விதியில் மறுபடி வரைந்து அளக்க வேண்டும்.

செயற்கைக்கோள் வந்தபின் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடும் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கருவி நல்லதாக ஆக ஆகப் பிழை சுருங்கி அளவு ஓர் எண்ணில் நிலைக்க வேண்டும். பிழையின் இலக்கணம் அதுதான். கடற்கரையில் கருவி நல்லதாக ஆக ஆக எண் விலகிப்போகிறது. ஆகவே இது பிழை இல்லை, கரையின் இயல்பு. செயற்கைக்கோள் படம் தன் பங்குக்கு ஒரு புதிய கோளாறையும் கொண்டுவருகிறது. அந்தப் படம் சதுரக் கட்டங்களால் ஆனது. நீரையும் நிலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து எல்லையை இழுத்தால், சாய்ந்து போகும் கரை மாடிப்படியாக மாறிவிடும். நாற்பத்தைந்து பாகையில் சாய்ந்த பத்துக் கிலோமீட்டர் நேர்க்கரை, படிகளின் ஓரமாக அளந்தால் பதினான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். கட்டத்தை 30 மீட்டரிலிருந்து 10 மீட்டராகச் சுருக்கினாலும் ஒரு மீட்டராக்கினாலும் அந்தப் பதினான்கு மாறாது. படிகள் சிறிதாகும், எண்ணிக்கை கூடும், கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். நுணுக்கம் கூடியும் எண் நிலையாக இருப்பதைப் பார்த்து உண்மை நீளம் கிடைத்துவிட்டது என்று ஏமாறும் இடம் இதுதான். சோதிக்க எளிய வழி, அதே படத்தில் சாய்வாக ஓடும், நீளம் தெரிந்த நேர்கோடு ஒன்றை, ஒரு விமான ஓடுபாதையை, அதே முறையில் அளந்து பார்ப்பது. அதுவும் கூடிவந்தால் குறை கரையில் இல்லை, அளக்கும் முறையில்.

இன்னொரு வாதம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். முடிவில்லாமல் நீளும் என்பதெல்லாம் கணிதரின் கற்பனை, மணல்துகளைத் தாண்டி யாரும் அளக்கப்போவதில்லை, ஆகவே கரைக்கும் ஒரு முடிந்த நீளம் உண்டு என்பார்கள். ஒரு பொருளில் சரி. ஆனால் மணல்துகள் எல்லையை அடைவதற்கு வெகுமுன்பே கரை என்ற கோடே மறைந்துவிடுகிறது. மலாக்கா நீரிணையின் தட்டையான சேற்றுக்கரையில் அலையேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீரின் விளிம்பு நெடுந்தூரம் போய்வருகிறது. விளிம்பு நூறு மீட்டர் நகரும் இடத்தில் ஒரு மீட்டர் எட்டால் அளந்து கிடைக்கும் எண், அந்த நொடியின் நீர்மட்டத்துக்கு மட்டுமே உரியது. பௌதிகம் எல்லை போடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த எல்லையில் நமக்குப் பயன்படும் நீளம் எதுவும் கிடைப்பதில்லை.

அப்படியானால் அளவு என்பதே நம்ப முடியாததா என்று யாரும் கலங்க வேண்டாம். நீளம் இப்படி நழுவும் இடத்திலும் பரப்பு நழுவுவதில்லை. முன்பு பார்த்த அரைவட்டத்தையே எடுத்துக்கொண்டால், மூன்று எட்டில் அடைபடும் பரப்பு 1.30 சதுர கிலோமீட்டர், ஆறு எட்டில் 1.50, பன்னிரண்டு எட்டில் 1.55, இறுதியில் 1.57-இல் நிற்கும். வளைவுக்குள் வளைவாக நீளம் முடிவின்றிப் போகும் கரைக்கும் உள்ளே அடைபட்ட நிலம் ஒரு திட்டமான எண்ணை நோக்கியே போகும். ஒரு குடாவைச் சேர்த்தால் ஒரு முனை விடுபட்டு, கூடுதலும் குறைவும் சரியாகிவிடும். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களை அளந்தவர்கள் இதன்மேல்தான் நின்றார்கள். 66 அடிச் சங்கிலியை ஆற்றோரமாக நேர்கோடாக இழுத்து, அதிலிருந்து கரை வரை இடையிடையே செங்குத்துத் தூரம் எடுத்து, பத்துச் சதுரச் சங்கிலிக்கு ஓர் ஏக்கர் என்று கணக்கிட்டார்கள். ஆற்றின் நெளிவுகள் பல விடுபட்டிருக்கும்; ஏக்கர் கணக்கு பெரிதாகக் கெடவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், 1960-இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியபோதும், பேரம் ஏக்கரில்தான் நடந்தது. ஆற்றோர நீளத்துக்கு விலை பேசியிருந்தால், எந்தப் படத்தில் அளப்பது என்பதிலேயே வாங்குபவரும் விற்பவரும் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே நீளத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. ஆற்றுக்கு: நடுக்கோடா கரையா, எந்த அளவுத்திட்டப் படம், அது எந்த ஆண்டுப் படம், எங்கே தொடங்கி எங்கே முடித்தது. கரைக்கு: எந்த அளவுத்திட்டம், உயர் அலைக்கோடா தாழ் அலைக்கோடா, எவ்வளவு அகலத்துக்கு மேற்பட்ட கழிமுகம் உள்ளே அளக்கப்பட்டது, எந்த அளவுக்கு மேற்பட்ட தீவு சேர்க்கப்பட்டது. இரண்டு வரியில் அடங்கிவிடும் செய்தி இது. மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் பேராக் ஆறு 400 கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்யவைப்பதற்கு முன், 1:50,000 படத்தாள் ஒன்றையும் ஒரு கவராயத்தையும் கொடுத்து, ஒரே வளைவை மூன்று எட்டுகளில் அளக்கச் சொல்லுங்கள். கரையரிப்பு அறிக்கை எழுதுபவர்கள் விழுக்காட்டைப் போடுவதற்கு முன் வகுத்த எண் எந்தப் படத்திலிருந்து வந்தது என்பதை எழுதுங்கள். அது எழுதப்படாத அறிக்கையின் விழுக்காட்டை எந்தப் பழைய விழுக்காட்டோடும் ஒப்பிடாதீர்கள்.